வேகமா, வளைவா? பெர்னூலி விதியும் அதன் பாடநூல் வாசிப்பும்

என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலின் முந்தைய பதிப்புகள் வென்சுரிக் குழாயை விளக்கிவிட்டு, கார்புரேட்டரும் வாசனைத் தெளிப்பானும் பூச்சிமருந்துத் தெளிப்பானும் அதே கொள்கையில் இயங்குவதாகச் சொல்லின. காற்றுத் தாரையில் மிதக்கும் பந்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பது வகுப்பறை வழக்கம். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற ஒரே வரிக்குள் இவை எல்லாம் அடங்கிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கார்புரேட்டர் அடங்கும். தெளிப்பானும் பந்தும் வேறு காரணத்தால் இயங்குகின்றன.

டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட ஹைட்ரோடைனமிகாவின் பன்னிரண்டாம் பகுதியே இதற்குச் சான்று. நீர்த்தொட்டி ஒன்றிலிருந்து கிடைக்குழாய் நீள்கிறது. அதன் முனை மூடப்பட்டு, சிறு துளை மட்டும் திறந்திருக்கிறது. குழாய் திடீரென உடைந்தால் உள்ளே ஓடும் நீர் உடனே முடுக்கம் பெறும். அந்த முடுக்கத்தைத் தடுத்து நிற்கும் அழுத்தமே குழாய்ச் சுவர் தாங்குவது என்கிறார் அவர். துளையின் பரப்பு குழாயில் பாதி என்றால், குழாய்க்குள் வேகம் வெளியேறும் வேகத்தில் பாதி. சுவரின் அழுத்தம் தொட்டி நீர்மட்டம் தரும் அழுத்தத்தில் முக்கால். ஆக, நீர் வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறைகிறது என்று இதைப் படிப்பது தலைகீழ். உயர்ந்த அழுத்தம் பின்னிருந்து தள்ள, முன்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால்தான் நீர் வேகம் பெறுகிறது. தந்தை யோகான் பெர்னூலியின் ஹைட்ராலிகா தலைப்பிலேயே 1732 என்ற ஆண்டைத் தாங்கி நின்றாலும், அச்சானது 1740களின் தொடக்கத்தில்தான். மகனை முந்திக்கொள்ள ஆண்டை முன்தள்ளினார் என்பது பலரின் முடிவு. எந்தப் பகுதி எப்போது எழுதப்பட்டது என்பதைத் தலைப்பு ஆண்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அது நம் வாதத்துக்குத் தேவையும் இல்லை. இருவர் கணக்கும், பின்னர் ஆய்லர் பொதுமைப்படுத்திய சமன்பாடும், ஒரே ஓட்டத்தின் இரண்டு இடங்களையே ஒப்பிடுகின்றன.

இந்த நிபந்தனை கார்புரேட்டரில் நிறைவேறுகிறது. மும்பையின் காட்கோபர் ரயில் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் சி.என்.ஜி. ஆட்டோக்களின் பழைய வகைகளிலும் இதே ஏற்பாடுதான்: சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் வாயுவை ரெகுலேட்டர் வெளிக்காற்றின் அளவுக்கு இறக்கிவிடும், அதன்பின் அதை உள்ளே இழுப்பது வென்சுரிக் கழுத்தின் குறைந்த அழுத்தம். பெட்ரோல் வண்டியில் கணக்கு இன்னும் தெளிவு. கழுத்தில் காற்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடினால் அழுத்தம் சுமார் 1500 பாஸ்கல் குறையும். அது ஏறக்குறைய 20 செ.மீ. பெட்ரோலைத் தூக்கப் போதும். ஐடிலில் வேகம் 10 மீட்டராக இறங்கினால் இழுப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ. பெட்ரோல். ஃப்ளோட் மட்டத்துக்கும் ஜெட்டின் வாய்க்கும் உள்ள உயரமே இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால்தான் தனியாக ஸ்லோ ஜெட் வைக்கிறார்கள். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்னொரு கூத்து. ஃப்ளோட் அறை நேரே வெளிக்காற்றுக்குத் திறந்த பழைய அமைப்பில், காற்றின் வேகம் கூடாமலே கழுத்தில் அழுத்தம் விழும், பெட்ரோல் அதிகம் ஏறும், கரும்புகை வரும். அழுத்தம் குறைந்திருப்பதைக் கண்டவுடன் வேகம் கூடியது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இந்தப் புகையே சாட்சி.

தெளிப்பானில் நிலைமை வேறு. முதலில், விசையை அழுத்தும் இன்றைய பாட்டில்களில் பெரும்பாலானவை சிறு பிஸ்டன் பம்புகள். அங்கே பெர்னூலிக்கு வேலையே இல்லை. ஊதும் வகையில், திறந்த வெளியில் பாயும் தாரையின் உள்ளழுத்தம் ஏறத்தாழ அறைக்காற்றின் அழுத்தமே. தாரைக்கு அதன் வேகத்தை ஊதுபவர் தனியாகக் கொடுத்திருக்கிறார். அசையாத அறைக்காற்றோடு அதை ஒப்பிட்டால் விதியின் நிபந்தனை உடைகிறது. பின் திரவம் ஏன் ஏறுகிறது? குழாயின் நுனி தாரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. காற்று நுனியைச் சுற்றி வளைந்து விலகும்போது அங்கே அழுத்தம் விழுகிறது. நுனியை ஒரு தட்டையான பலகையோடு சமமாகப் பொருத்தி, பலகைக்கு இணையாக ஊதினால் ஏற்றம் பெருமளவு குறைந்துவிடும்.

பந்தும் அப்படியே. 2.7 கிராம் எடையுள்ள டேபிள் டென்னிஸ் பந்தைத் தாங்க நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகமுள்ள மேல்நோக்கிய தாரை போதும். தாங்குவது காற்றின் இழுவை. பக்கவாட்டில் நழுவாமல் காப்பதுதான் கேள்வி. பந்து விலகினால் தாரை அதன் உட்பக்க வளைவை ஒட்டி வெளிப்புறமாகத் திரும்புகிறது. காற்று வெளியே தள்ளப்பட, எதிர்வினையாகப் பந்து உள்ளே வருகிறது. மேலே ஒரு நூலைப் பிடித்தால் இந்தத் திரும்பலைக் காணலாம். 1800இலேயே தாமஸ் யங், ஊதுகுழல் காற்றை நோக்கிச் சுடர் சாய்வதையும் புடைத்த பரப்பருகே ஓடை வளைவதையும் இணைத்துப் பார்த்திருந்தார்.

பந்தின் உட்பக்கத்தில் அழுத்தம் உண்மையிலேயே குறைவுதானே, அங்கே காற்றும் வேகமாகத்தானே ஓடுகிறது என்று மறுக்கலாம். இரண்டும் உண்மை. தாரைக்குள்ளேயே ஓர் ஓட்டக்கோட்டைப் பின்தொடர்ந்தால் பெர்னூலி விதியும் செல்லும். ஆனால் அந்தக் குறைவு, வளையும் ஓட்டத்தில் வளைவின் மையம் நோக்கி அழுத்தம் சரிவதால் வருவது. அறைக்காற்றைவிட தாரை வேகமாக இருப்பது அதற்கு விளக்கமாகாது. தெளிப்பானில் நுனியின் வடிவம் எவ்வளவு, தாரை அருகிலுள்ள காற்றை இழுத்துச் செல்வது எவ்வளவு என்ற பங்கீட்டைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நுனியின் விட்டமும் தாரையின் அகலமும் மாறினால் அதுவும் மாறும்.