கடிகாரக் குறி மாறியதா? இணைப்பு இல்லாதபோது அனுப்பிய தகவல் எங்கே நிற்கிறது?

“நான்தான் நேற்று சாயங்காலமே அனுப்பினேனே!” “எனக்கு எதுவும் வரவில்லையே!” புலனம் என்று நாம் அழைக்கும் வாட்ஸ்அப் வந்த பிறகு, பல வீடுகளில் கேட்கும் வாக்குவாதம் இது. பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். தகவல் தட்டெழுதப்பட்டது, அனுப்பும் பொத்தானும் அழுத்தப்பட்டது. ஆனால், அது கைப்பேசியை விட்டு வெளியே போகவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர், மாலை 4 மணிக்குக் காட்டுக்குள் இருந்தபடியே ஈப்போவிலுள்ள மகளுக்கு எழுதுகிறார்: “நாளைக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். காலை 6 மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு வா.” அந்த இடத்தில் இணைப்பு இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இந்தத் தகவல் மகளிடம் போகுமா, தொலைந்துவிடுமா? அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். கட்டங்கள் மூன்று.

எழுதியது, ஆனால் அனுப்பாதது

முதல் கட்டம், எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் விட்டது. யாரோ கூப்பிட்டார்கள், அப்படியே வெளியே வந்துவிட்டோம். புலனத்தில் உரையாடல் பட்டியலுக்குத் திரும்பினால் அந்தப் பெயரின் கீழ் பச்சை நிறத்தில் Draft என்று தெரியும். 2024 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இப்படி அரைகுறையாக நிற்கும் உரையாடல் பட்டியலின் மேலே வந்து நிற்கிறது.

இந்தச் சொல் தெரிந்தால், எழுதியது கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். செயலியை மூடினாலும் இருக்கும். ஆனால் இணைப்பு வந்தாலும் அது தானாகப் போகாது. நாம் திரும்பி வந்து அம்புக்குறியை அழுத்த வேண்டும். நீண்ட தகவலை எழுதும்போது மின்கலம் தீரப் போகிறது என்றால், ஒருமுறை பட்டியலுக்குத் திரும்பி Draft என்று வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அணைந்துபோனால் கடைசியாக எழுதியது மிஞ்சும் என்று நம்ப முடியாது.

கடிகாரக் குறி

இரண்டாவது கட்டத்தில்தான் மேலே சொன்ன அம்மாவின் தகவல் நிற்கிறது. பொத்தானை அழுத்தியதும் தகவல் உரையாடலுக்குள் ஏறிவிடும். அதனால் போய்விட்டது போலவே தோன்றும். ஆனால் அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய கடிகாரம் இருக்கும். ‘காத்திருக்கிறது’ என்பதே அதன் பொருள்.

ஐபோனில் முன்பு இந்த வசதி இல்லை. இணைப்பு இல்லாவிட்டால் அனுப்பும் பொத்தானே வேலை செய்யாது. 2017 ஜனவரியில்தான் காத்திருப்பு வரிசை அங்கும் வந்தது. ஆண்ட்ராய்டில் அதற்கு முன்பே இருந்தது.

கடிகாரக் குறியோடு நிற்கும் தகவல் கைப்பேசியின் சேமிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. செயலியை மூடினாலும், கைப்பேசியை அணைத்துப் போட்டாலும் அது அழியாது. அது எப்போது கிளம்பும் என்பதில்தான் சிக்கல்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புலனம் பின்னணியில் இயங்க அனுமதி இருந்தால், இணைப்பு வந்ததும் தகவல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் மின்கலத்தை மிச்சப்படுத்த, பின்னணிச் செயலிகளைக் கடுமையாக நிறுத்தும் கைப்பேசிகளும் உண்டு. அவற்றில் செயலியை விரலால் தள்ளி மூடினால், மறுபடியும் திறக்கும்வரை தகவல் அங்கேயே கிடக்கலாம். அமைப்புக்குள் போய் Force stop அழுத்தியவர்களுக்கு இது நிச்சயம். திறக்காதவரை புலனம் எழுந்திருக்காது. ஐபோனிலும் செயலியைத் தள்ளி மூடிவிட்டால் தகவல் தானாகப் போகும் என்று இருந்துவிடக் கூடாது. இணைப்புள்ள இடத்துக்கு வந்ததும் புலனத்தைத் திறந்து சில விநாடி வைத்திருப்பதே உறுதியான வழி.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புவோம். ‘பேட்டரி மிச்சம்’ என்று திறந்திருந்த செயலிகளையெல்லாம் தள்ளி மூடுவது அவர் வழக்கம். மாலை 5.30-க்கு வீட்டுக்கு வருகிறார். வீட்டில் வைஃபை இருக்கிறது. ஆனால் சமையல், குளியல் என்று நேரம் போகிறது. கைப்பேசி அலமாரி மேல் கிடக்கிறது. இரவு 10.30-க்குப் புலனத்தைத் திறந்ததும் கடிகாரம் மறைந்து தகவல் போகிறது. அதற்குள் மகள் தூங்கிவிட்டாள். தகவல் தொலையவில்லை. ஆனாலும் காலை 6 மணிக்குக் கார் வராது.

ஒரு கோடு, இரண்டு கோடு

மூன்றாவது கட்டம், கடிகாரம் மாறி ஒரு சாம்பல் நிறச் சரிக்குறி வருவது. தகவல் நம் கைப்பேசியை விட்டுக் கிளம்பிப் புலனத்தின் சேவையகத்தை அடைந்துவிட்டது. இனி நாம் செயலியை மூடினாலும், கைப்பேசியை அணைத்தாலும் கவலையில்லை. பெறுபவரின் கைப்பேசி அணைந்திருந்தால் சேவையகம் அதை 30 நாள்வரை வைத்திருக்கும். அதற்குள் அவர் இணைப்புக்கு வராவிட்டால் அழித்துவிடும். இரண்டு சரிக்குறி வந்தால் அவருடைய கைப்பேசிக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த அம்மாவின் தகவலுக்கு இரவு 10.30-க்கு இரண்டு குறி வந்திருந்தாலும், மகள் படித்துவிட்டாள் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மையில் தொலைவது எப்போது?

தகவல் கடிகாரக் குறியோடு சிக்கி நிற்கும்போது, சிலர் பொறுமையிழந்து புலனத்தை நீக்கிவிட்டு மறுபடியும் பதிவிறக்கம் செய்கிறார்கள். அல்லது அமைப்பில் Clear data அழுத்துகிறார்கள். தகவல் தொலைய இதுவே நேர்வழி. காத்திருக்கும் தகவல் அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கிறது. சேவையகத்துக்கு அது இன்னும் தெரியாது. முதலில் இணைப்பைச் சரிபாருங்கள், பிறகு கைப்பேசியை ஒருமுறை அணைத்துத் திறந்து புலனத்துக்குள் போங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். Airplane mode போட்டபின் அனுப்பிய தகவல் கடிகாரக் குறியோடு காத்திருக்கும், தரையிறங்கி இணைப்பு வந்தபின் போகும். Airplane mode போட்டிருந்தாலும் வைஃபையைத் தனியாகத் திறந்தால் தகவல் உடனே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாமதமாகப் போவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. “இப்போதுதான் கிளம்புகிறேன்” என்று நீங்கள் எழுதியது, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைக்கலாம். அதனால் எழுதும்போதே நேரத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது.

சாதாரணக் குறுஞ்செய்தி இப்படிக் காத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இணைப்பில்லாதபோது அனுப்பினால் பெரும்பாலும் ‘அனுப்பப்படவில்லை’ என்ற அறிவிப்போடு நின்றுவிடும். நாம்தான் மறுபடியும் அழுத்த வேண்டும். ஆனால், இணையம் கிடைக்காமல் தொலைபேசிச் சமிக்ஞை மட்டும் ஒரு கோடு காட்டும் இடத்தில், புலனம் போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போகக்கூடும்.

அந்த அம்மா வீட்டுக்கு வந்ததும் புலனத்தைத் திறந்து, கடிகாரம் சரிக்குறியாக மாறியதா என்று பார்த்திருந்தால் மாலை 5.30-க்கே தகவல் போயிருக்கும். மருத்துவமனை, கார், மரணச் செய்தி போன்ற நேரம் தவறக் கூடாத தகவல் என்றால் இரண்டு குறி வரும்வரை பாருங்கள். நீல நிறமாக மாறாவிட்டால் ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.