வீட்டுக் கடனில் பகுதி முன்செலுத்தல்: மிச்சமாகும் வட்டியும் முதலீட்டு வருவாயும்

பகுதி முன்செலுத்தல் என்பது, வீட்டுக் கடனின் மாதத் தவணைக்கு மேலாக ஒரு தொகையைச் செலுத்தி, அது முழுவதையும் அசலில் கழித்துக்கொள்வது. வங்கிகளில் ‘பார்ட் பேமென்ட்’ என்றுதான் பேச்சு. கையில் சேர்ந்த போனஸையோ முதிர்ந்த வைப்புத் தொகையையோ கடனில் கட்டுவதா, முதலீடு செய்வதா என்ற கேள்விக்குக் கணக்கு ரீதியாக விடை காண முடியும். ஆனால் வங்கியின் இணையக் கணிப்பான் காட்டும் ‘மிச்சமாகும் வட்டி’ அந்த விடையாகாது. அது ஏன் என்பதுதான் இந்தக் கணக்கின் மையம்.

ஒரு கணக்கு

இந்திய வங்கி ஒன்றில் 40 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 36 தவணையாகச் சுமார் 12.5 லட்சம் கட்டிய பிறகும் அசல் 37.39 லட்சம் நிற்கும். கட்டியதில் 2.6 லட்சம் மட்டுமே அசலுக்குப் போயிருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் கணக்கறிக்கையைப் பார்ப்பவர்களுக்கு வயிறு எரிவது இதனால்தான். வங்கி ஏமாற்றிவிடவில்லை. பாக்கி பெரிதாக இருக்கும் காலத்தில் வட்டியும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கட்டத்தில் 5 லட்சம் ரூபாயை முன்செலுத்தினால் பாக்கி 32.39 லட்சமாகும். தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், மீதமிருந்த 204 மாதங்களுக்குப் பதில் 154ஆவது மாதத்தில் கடன் தீரும். அந்தக் கடைசித் தவணையும் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். எக்செலில் இதை ஒரே வரியில் பார்க்கலாம்:

```
=NPER(8.5%/12, -34713, 3239440)
```

விடை 153.27 என்று வரும். நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தவணைகள், அதாவது 17.61 லட்சம் ரூபாய், கட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து முன்செலுத்திய 5 லட்சத்தைக் கழித்தால் 12.61 லட்சம். கணிப்பான் ‘நீங்கள் சேமிக்கும் வட்டி’ என்று பெரிய எழுத்தில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

அந்த எண் ஏன் ஏமாற்றுகிறது

அதே 5 லட்சத்தைக் கட்டிவிட்டு, தவணைக்காலத்தைக் குறைக்காமல் தவணைத் தொகையைக் குறைக்கச் சொன்னால், மாதத் தவணை 30,072 ரூபாயாகும். 204 மாதங்களும் கட்டியாக வேண்டும். கணிப்பான் இப்போது காட்டும் சேமிப்பு ஏறத்தாழ 4.47 லட்சம்தான். ஒரே நாளில், ஒரே கடனில், ஒரே தொகையைக் கட்டியதற்கு 12.61 லட்சம் என்றும் 4.47 லட்சம் என்றும் இரண்டு விடை.

இரண்டிலும் அந்த 5 லட்சம் ஈட்டித் தரும் வட்டி விகிதம் ஒன்றேதான். தவணையைக் குறைத்தவருக்கு மாதம் 4,641 ரூபாய் உடனே கைக்குத் திரும்பி வரத் தொடங்குகிறது. காலத்தைக் குறைத்தவருக்கு 153 மாதம் எதுவும் திரும்புவதில்லை. அதன் பிறகு மொத்தமாகத் திரும்புகிறது. அத்தனை காலம் பணம் உள்ளேயே கிடந்து கூட்டு வட்டி சேர்த்ததால் ரூபாய்க் கணக்கு பெரிதாகத் தெரிகிறது. குறைந்த தவணைக்காரர் அந்த 4,641 ரூபாயை மாதாமாதம் அசலிலேயே கூடுதலாகக் கட்டிவந்தால், அவருடைய கடனும் அதே 154ஆவது மாதத்தில் தீரும்.

‘முன்செலுத்துவதென்றால் முதல் ஆண்டுகளிலேயே செலுத்த வேண்டும், பிறகு பயனில்லை’ என்ற பரவலான கருத்தும் இதே பிழையிலிருந்து பிறந்தது. மேற்கண்ட கடனில் பத்தாம் ஆண்டு முடிவில் 5 லட்சம் கட்டினால் சேமிப்பு சுமார் 5.5 லட்சமாகச் சுருங்கும். பணம் உழைக்கும் ஆண்டுகள் குறைந்ததால் வந்த சுருக்கம் அது; விகிதம் அதே 8.5தான். வைப்புத் தொகையை 17 ஆண்டு போட்டால் கிடைக்கும் வட்டியையும் 10 ஆண்டு போட்டால் கிடைக்கும் வட்டியையும் வைத்து எந்த வங்கி நல்லது என்று யாரும் முடிவு செய்வதில்லை. முன்செலுத்தலில் மட்டும் அப்படிச் செய்கிறோம்.

ஒப்பிட வேண்டிய எண்

ஆகவே முதலீட்டோடு ஒப்பிட வேண்டியது ரூபாயை அல்ல, விகிதத்தை. கடன் வட்டி மாதந்தோறும் கணக்கிடப்படுவதால் 8.5 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் 8.84 சதவீதமாகும்.

```
=EFFECT(8.5%, 12)
```

முன்செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் ஆண்டுக்கு 8.84 சதவீதம் ஈட்டுகிறது. மிச்சமான வட்டி வருமானமாகக் கருதப்படாததால் அதற்கு வரியும் இல்லை. முதலீடு இதை வெல்ல வேண்டுமானால், வரி போக 8.84 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். கடன் மாறும் வட்டியில் இருந்தால் இந்த எண்ணும் மாறும். ரெப்போ விகிதம் குறைந்து கடன் வட்டி இறங்கினால், ஏற்கெனவே கட்டிய பணத்தின் வருவாயும் அன்றிலிருந்து இறங்கும்.

ரூபாயிலேயே பார்க்க விரும்புவோர் இருவரையும் ஒரே நாளில் நிறுத்திக் கணக்கிட வேண்டும். மேற்கண்ட கணக்கில் அந்த நாள் 204ஆவது மாதம். ஒருவர் 5 லட்சத்தை முதலீடு செய்துவிட்டுத் தவணையை வழக்கம்போல் கட்டுகிறார். மற்றவர் கடனில் கட்டுகிறார். 154ஆவது மாதம் முதல் கட்ட வேண்டியிராத தவணைப் பணத்தை அதே முதலீட்டில் போட்டுவருகிறார். இருவருக்கும் மாதச் செலவு ஒன்றே, கடைசி நாளில் இருவருக்கும் கடன் இல்லை. யார் கையில் அதிகம் என்பதே கேள்வி. இரண்டாமவர் விடுபட்ட தவணையைச் செலவழித்துவிட்டால் இந்த ஒப்பீடு செல்லாது. நடைமுறையில் பலர் வழுக்குவது இங்கேதான்.

வங்கி வைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். 7 சதவீத வைப்பு, 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மேல்வரியும் சேர்ந்து 31.2 சதவீத வரி போகக் கையில் தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 4.9 சதவீதம். 17 ஆண்டில் 5 லட்சம் 11.4 லட்சமாகும். கடனில் கட்டியவர், விடுபட்ட தவணைகளை அதே மந்தமான வைப்பில் போட்டாலும் 19.5 லட்சம் வைத்திருப்பார். வீட்டுக் கடனை 8.5 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, அவசரத் தேவைக்கு மேற்பட்ட பணத்தையும் வைப்பில் போட்டு வைப்பதற்குக் கணக்கில் நியாயம் எதுவும் இல்லை.

பங்குச் சந்தைப் பரஸ்பர நிதியில் நிலைமை வேறு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த நிதியின் ஆதாயத்தில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீத வரி என்பது 2024 ஜூலை 23 முதல் உள்ள விதி. முழுவதையும் கடைசியில் ஒரே ஆண்டில் விற்பதாகக் கொண்டால், இந்தக் கடனை வெல்ல நிதி ஆண்டுக்குச் சராசரி 9.5 சதவீதம் வளர வேண்டும். 11 சதவீதம் வளர்ந்தால் முதலீட்டாளர் கையில் வரியும் மேல்வரியும் போக 26.5 லட்சம், கடனில் கட்டியவர் கையில் 21.6 லட்சம். 8 சதவீதமே வளர்ந்தால் 16.9 லட்சமும் 20.5 லட்சமுமாக நிலை தலைகீழாகும். ஒன்றில் 4.8 லட்சம் கூடுதல், மற்றதில் 3.6 லட்சம் குறைவு. முன்செலுத்தலின் 8.84இல் சந்தையின் ஏற்ற இறக்கம் கிடையாது. அதை 12 சதவீதம் என்று விளம்பரம் காட்டும் ஒரு நிதியோடு நேருக்கு நேர் வைத்து, நிதியே மேல் என்று சொல்வது அரைகுறைக் கணக்கு. அந்த மூன்று சதவீத வித்தியாசம் 17 ஆண்டு ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கான கூலி. அந்தக் கூலி போதுமா என்பது ஆளைப் பொறுத்தது.

வரிச்சலுகை

முன்செலுத்தினால் வரிச்சலுகை போய்விடும் என்ற வாதம் அடிக்கடி எழும். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்க இடம் தரும் விதி பழைய வரி முறைக்கு மட்டுமே உரியது. புதிய முறையைத் தேர்ந்தவருக்குச் சொந்தக் குடியிருப்புக்கு அந்தக் கழிவு கிடையாது. அவர் இழக்க எதுவும் இல்லை.

பழைய முறையிலும் வரம்பைப் பார்க்க வேண்டும். மேற்கண்ட கடனின் நான்காம் ஆண்டு வட்டி 3 லட்சத்துக்கு மேல். 5 லட்சம் கட்டிய பிறகும் அது 2.6 லட்சத்துக்கு மேல்தான் இருக்கும். இரண்டு நிலையிலும் கழிவு அதே 2 லட்சம். ஒரு ரூபாய்கூடக் குறையாது. பாக்கி ஏறக்குறைய 24 லட்சத்துக்குக் கீழே இறங்கி, ஆண்டு வட்டி வரம்புக்குள் வரும்போதுதான் இழப்பு தொடங்கும். கடனின் பாக்கி ஏற்கெனவே 15 லட்சமாக இருந்தால் கதை வேறு: 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அந்தக் கடனின் உண்மையான விலை 6.1 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வரியில்லாத 7.1 சதவீதம் தரும் பொது வருங்கால வைப்பு நிதிகூட அதை வெல்லும். ஆனால் அதில் ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது.

கட்டிய பணம் போய்ச் சேர்ந்ததா

தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் தடை விதித்தது. நிலையான வட்டிக் கடனானால் ஒப்பந்தத்தைப் படித்து, கட்டணம் இருந்தால் அதை 5 லட்சத்தோடு கூட்டிக் கணக்கிட வேண்டும்.

பணம் கட்டும்போது அசலில் கழிக்க வேண்டும் என்றும், குறைக்க வேண்டியது காலமா தவணையா என்றும் எழுத்தில் தருவது நல்லது. சில சமயம் தொகை அசலுக்குப் போகாமல் வருங்காலத் தவணைகளுக்கான முன்பணமாகக் கணக்கில் கிடக்கும். கண்டுபிடிப்பது எளிது. 5 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 3,542 ரூபாய். முன்செலுத்தலுக்கு அடுத்த முழு மாதத்தின் வட்டிப் பத்தியில் 26,488 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 22,946 ரூபாய்க்கு அருகில் இருந்தால் பணம் அசலுக்குப் போய்விட்டது. பழைய தொகையே இருந்தால் அன்றைக்கே கிளைக்குப் போக வேண்டும்.

ஒப்பீட்டில் விகிதத்தால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. பரஸ்பர நிதியைச் சில நாளில் விற்றுக் காசாக்கலாம். கடனில் கட்டிய 5 லட்சத்தைத் திரும்பக் கேட்டால், டாப்-அப் கடனாகப் புதிதாக விண்ணப்பிக்கத்தான் வழி. வேலை போன நேரத்தில் அதுவும் கிடைக்காது. பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடன்கள் இதற்காகவே உள்ளன: கணக்கில் போட்ட உபரி கிடக்கும் நாள்களுக்கு அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். இவ்வகைக் கடனுக்குச் சாதாரணக் கடனைவிட வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதல். 35 லட்சம் பாக்கியில் கால் சதவீதம் கூடுதல் என்றால் முதல் ஆண்டில் ஏறத்தாழ 8,750 ரூபாய். கணக்கில் நிறுத்தும் உபரி சராசரியாக ஒரு லட்சத்தைத் தாண்டாதவருக்கு, மிச்சமாகும் வட்டியை அந்தக் கால் சதவீதமே தின்றுவிடும்.