அமுக்கச் சுருள்வில்: சுற்றும் உயரமும் கணக்கிடல்

அமுக்கச் சுருள்வில் (ஸ்பிரிங்) என்பது சுமையால் குறுகி, சுமை நீங்கியதும் நீளும் கம்பிச்சுருள். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் பழுதுபார்க்க வரும் பெட்டிகளின் போகிகளில் இதைக் காணலாம். ஐ.சி.எஃப். போகி ஸ்பிரிங்குகளைச் சோதனைச் சுமையில் அளந்து, உயரத்தின்படி வகை பிரிப்பார்கள்.

வடிவமைப்பு சுமையிலிருந்து தொடங்குகிறது. 2000 நியூட்டனுக்கு 40 மி.மீ. அமுங்க வேண்டுமானால் விறைப்பு (k) மி.மீ.க்கு 50 நியூட்டன். கம்பி விட்டம் (d) 10, சுருளின் சராசரி விட்டம் (D) 60 மி.மீ., எஃகின் சறுக்குக் குணகம் (G) சதுர மி.மீ.க்கு 78,500 நியூட்டன் எனக் கொண்டால், இயங்கும் சுற்றுகள்:

n = G d⁴ / (8 D³ k) ≈ 9

D என்பது கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது. வெளிவிட்டமான 70ஐ இட்டுவிட்டால் விடை 6க்கும் கீழே போய்விடும். அப்படிச் சுற்றிய ஸ்பிரிங் கல்லாக இருக்கும்.

முனைகளை மூடித் தட்டையாகத் தேய்த்தால் இருபுறமும் ஒவ்வொரு சுற்று இயங்காது, மொத்தம் 11. எல்லாச் சுற்றும் ஒட்டும்போது ஒட்டு உயரம் 11 × 10 = 110 மி.மீ. தேய்க்காவிட்டால் ஏறத்தாழ 120.

வேலைச் சுமையிலேயே சுற்றுகள் முட்டக்கூடாது. அமுக்கத்தில் 15 சதவீதம், அதாவது 6 மி.மீ. இடைவெளி விட்டால், சுமையற்ற நீளம் 110 + 40 + 6 = 156 மி.மீ.

முழுதும் ஒட்டுகையில் சுமை சுமார் 2300 நியூட்டன். அப்போதைய சறுக்குத் தகைவு, வளைவுத் திருத்தம் சேர்த்து, சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 440 நியூட்டன். கம்பி இதைத் தாங்காவிட்டால் ஸ்பிரிங் நிரந்தரமாகக் குட்டையாகும். ஒருமுறை முழுதும் அமுக்கிவிட்டு மறுபடி நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும்.