வெள்ளாட்டின் பொய்ச்சினை

பெட்டை வெள்ளாட்டின் கருப்பையில் குட்டியில்லாமல் தெளிந்த நீர் மட்டும் சேர்ந்து, ஆடு சினையாக இருப்பதுபோலவே காட்டும் நிலை பொய்ச்சினை. ஹைட்ரோமெட்ரா என்பது மருத்துவப் பெயர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேலம் கருப்பு ஆடுகளும் கலப்பு ஆடுகளும் வளர்க்கப்படுகின்றன. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கர்நாடக, ஆந்திர வியாபாரிகளும் வருகிறார்கள். இதுபோன்ற சந்தைகளில் வயிற்றைப் பார்த்தும் தடவியும் சினை என்று நம்பி வாங்குபவர் ஏமாறக்கூடிய நோய் இது.

சினைமுட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திசு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும். குட்டி இல்லையென்றால் இரண்டரை வாரத்துக்குள் அது கரைந்து ஆடு மறுபடி பருவத்துக்கு வரவேண்டும். பொய்ச்சினையில் அது கரைவதில்லை. கருப்பை வாய் மூடியே கிடக்க, உள்ளே நீர் சேர்கிறது. கிடாய் சேராத ஆட்டிலும், கரு ஆரம்பத்திலேயே அழிந்த ஆட்டிலும் இது வரும். வயதான பெட்டைகளில் அதிகம்.

தை முதல் நாள் கிடாய் சேர்ந்த ஆட்டை எடுத்துக்கொள்வோம். 150 நாள் கணக்கில் ஆனி வாக்கில் ஈனவேண்டும். மாதங்கள் போகப்போக வயிறு பருக்கிறது, பருவம் வருவதில்லை, தீனியும் குறையவில்லை. ஆனால் மடி சரியாக இறங்கவில்லை. நாள் கடந்தபின் ஒரு காலையில் பின்பக்கமும் வாலும் நனைந்து, தரையில் நீர் தேங்கிக் கிடக்கிறது. நஞ்சுக்கொடியும் இல்லை, குட்டியும் இல்லை, வயிறு ஒட்டிவிட்டது. தானாகவே நீர் வெளியேறிவிட்டது என்று பொருள்.

அதுவரை காத்திராமல் கண்டறிய ஸ்கேன்தான் வழி. திரையில் கருப்பை கறுத்த நீர்ப்பைகளாகத் தெரியும். நடுவில் மெல்லிய சுவர்கள் வெள்ளைக் கோடுகளாக ஓடும். வயிற்றை லேசாகத் தட்டினால் அவை அலையாடும். உண்மைச் சினையில் குட்டியும், நஞ்சுக்கொடி ஒட்டும் வட்ட முடிச்சுகளும் தெரியவேண்டும். கிடாய் சேர்ந்து 40 நாளுக்குமுன் முடிச்சுகள் தெளிவாகத் தெரியாது. அப்போது நீரை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. புரோஜெஸ்டிரோன் பரிசோதனையும் உதவாது, உண்மைச் சினை, பொய்ச்சினை இரண்டிலும் அளவு உயர்ந்தே இருக்கும்.

சிகிச்சை புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அது மஞ்சள் திசுவைக் கரைக்க, கருப்பை வாய் திறந்து சில நாளில் நீர் வடியும். சுமார் 12 நாள் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் மிச்சமும் வெளியேறும் வாய்ப்புக் கூடுகிறது. பிறகு மறுபடி ஸ்கேன் பார்க்கவேண்டும். பல ஆடுகள் அடுத்த பருவங்களில் சினை பிடித்துவிடும். சிலவற்றில் நோய் திரும்பும்.

வெள்ளாடு சினைக்காலம் முழுவதும் அந்த மஞ்சள் திசுவையே நம்பியிருக்கிறது. ஆகவே ஸ்கேன் பாராமல் இந்த ஊசியைப் போட்டால், வயிற்றில் உண்மையிலேயே குட்டி இருந்தால் அது எந்த மாதமானாலும் கலைந்துவிடும். கடையில் வாங்கித் தாமே போடும் மருந்தும் இதுவல்ல. தோல் வழியாக உடலுக்குள் ஏறக்கூடியது என்பதால் கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது.