பணவீக்க கணிப்பு: 'விசிறி' வரைபடத்தை எப்படி படிக்கணும்?

"அடுத்த ஆண்டு பணவீக்கம் 4.5%" என்று ரிசர்வ் வங்கி கணித்ததாக செய்தி வந்தால், அந்த ஒரு எண்ணைத்தான் நாம பிடிச்சுக்கறோம். வீட்டுக் கடன் இஎம்ஐ ஏறுமா என்று கணக்குப் போடுறவங்களுக்கு அது போதாது. ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கை அறிக்கையில் அந்த எண்ணோடு ஒரு படமும் இருக்கும். அதுதான் ஃபேன் சார்ட், அதாவது விசிறி வரைபடம்.

படத்தில் என்ன இருக்கு?

இதுவரை பதிவான பணவீக்கம் இடது பக்கம் ஒரே கோடாக வரும். எதிர்காலம் தொடங்கும் இடத்தில் நடுக்கோட்டைச் சுற்றி 50%, 70%, 90% என மூன்று நிழல் பட்டைகள் விரியும்.

எப்படி படிப்பது?

ஓராண்டு கழித்து நடுக்கோடு 4.5%, அதே இடத்தில் 70% பட்டை 3 முதல் 6 வரை என்று வைச்சுக்குவோம். பணவீக்கம் அதற்குள் இருக்க 70% வாய்ப்பு. மீதி 30% வெளியே. பட்டை இரு பக்கமும் சமம் என்பதால், 6%-ஐத் தாண்ட 15% வாய்ப்பு இருக்கு. ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் மேல் வரம்பே 6% தான். அதைத் தாண்டினால் வட்டி உயரும் அழுத்தம் கூடும். 4.5% என்ற எண் மட்டும் இதைச் சொல்லாது.

பட்டை ஏன் விரியுது?

விலைவாசி மோசமாகப் போகுதுன்னு அர்த்தம் இல்லை. அடுத்த மூன்று மாதத்தைக் கணிக்க இன்றைய காய்கறி விலை கையில் இருக்கு. ஓராண்டு கழித்து மழை எப்படி, கச்சா எண்ணெய் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. தூரம் கூடக் கூட, தெரியாதவை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேருது.

எங்கே தவறும்?

பட்டையின் அகலத்தை, முந்தைய கணிப்புகள் எவ்வளவு தவறின என்பதை வைத்தே பெரும்பாலும் போடுவாங்க. புதுசா வரும் அதிர்ச்சி அதில் இருக்காது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் 2022-23க்கான கணிப்பு 4.5%. அதே மாதம் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் விலை ஏறின. ஆண்டு சராசரி 6.7% ஆனது. 4% ஆக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5% ஆனது. இஎம்ஐ கட்டுறவங்களுக்கு அந்தச் சுமை நேரடியாக வந்தது.

நம்பலாமா என்று எப்படி சரிபார்ப்பது?

பழைய படங்களை எடுத்து, உண்மையில் வந்த எண்களை அதன் மேல் வைத்துப் பாருங்க. ஏறக்குறைய பாதி, 50% பட்டைக்குள் விழணும். தொடர்ந்து ஒரே பக்கமாக வெளியே விழுந்தால், கணிக்கும் முறையிலேயே சாய்வு இருக்குன்னு அர்த்தம்.