ஜெட் லேக்

ஜெட் லேக் என்பது பல நேர மண்டலங்களை விமானத்தில் விரைவாகக் கடப்பவர்களுக்கு ஏற்படும் தற்காலிக உறக்கக் கோளாறு. வெளிச்சம், சாப்பாட்டு வேளை, அலுவல் நேரம் எல்லாம் சென்று சேர்ந்த ஊரின் கணக்குக்கு மாறிவிட்டிருக்கும்; உடலின் உள்கடிகாரம் மட்டும் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரவில் தூக்கம் வராது, பகலில் கண் சொக்கும், கவனம் சிதறும், வேளை தவறிப் பசிக்கும், மலச்சிக்கல் வரும்.

நீண்ட பயணத்தின் அலுப்பும் இதுவும் ஒன்றல்ல. விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும். அதன் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு இணையாகக் குறைந்திருக்கும். பல மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்த சோர்வும் சேரும். ஆனால் இந்த அலுப்பு ஓரிரு இரவு நல்ல தூக்கத்தில் தீர்ந்துவிடும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். இரு நகரங்களுக்கும் நேர வேறுபாடு ஒரு மணிக்கு மேல் இல்லாததால், பயணி களைத்துப்போவாரே தவிர ஜெட் லேக் வராது. தொல்லை தருவது கடந்த தூரம் அல்ல, மாறிய நேரம்தான்.

உடற்கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் எனப்படும் இதுவே உடலின் தலைமைக் கடிகாரம். இங்குள்ள ஒவ்வொரு அணுவிலும் சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குகின்றன. அந்தப் புரதங்கள் போதிய அளவு சேர்ந்ததும், தங்களை உண்டாக்கிய மரபணுக்களையே நிறுத்திவைக்கின்றன. பிறகு அவை சிதைந்து குறைய, மரபணுக்கள் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

மனிதரில் இச்சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அந்த மிகுதியை நாள்தோறும் திருத்துவது வெளிச்சம். விழித்திரையில் பார்ப்பதற்கு உதவும் அணுக்களோடு, வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட வேறு அணுக்களும் உண்டு. நீல ஒளி இவற்றை அதிகம் தூண்டுகிறது. ஒளியை அறவே உணராத பார்வையற்றோர் பலருக்கு இந்தத் திருத்தம் கிடைப்பதில்லை. அவர்களின் தூக்க நேரம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

திருப்புமுனை

ஒரே வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கும் தள்ளும், பின்னுக்கும் தள்ளும். எந்த வேளையில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்தது அது. உடல் வெப்பநிலை ஒரு நாளில் மிகக் குறைவாக இருக்கும் தருணமே இதில் திருப்புமுனை. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் தாமதமாகிறது. மறுநாள் தூக்கமும் விழிப்பும் தள்ளிப்போகின்றன. அதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் பட்டால் எல்லாம் முன்கூட்டி வருகின்றன.

சென்னையில் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய திருப்புமுனை விடியற்காலை 4 மணி அளவில் இருக்கும். ஜனவரி மாதத்தில் லண்டன் நேரம் நம்முடையதைவிட 5½ மணி பிந்தியது. சிட்னி நேரம் அதே 5½ மணி முந்தியது. வேறுபாடு சமம், திசை மட்டும் எதிர்.

லண்டன் போய்ச் சேர்ந்தால், மாலை 4.30 மணிக்கே அவர் உடலுக்கு இரவு 10 மணி. எப்படியோ 9 மணி வரை விழித்திருந்துவிட்டால் படுத்ததும் தூங்கிவிடுவார். ஆனால் இரவு 2, 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். திருப்புமுனை லண்டன் கணக்கில் இரவு 10.30. ஆகவே மாலையிலும் முன்னிரவிலும் பளிச்சென்ற விளக்கொளியில் இருந்தாலே கடிகாரம் வேண்டிய பக்கம் நகரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று நான்கு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிட்னியில் நிலைமை கடினமானது. அங்கே அதிகாலை 3.30 ஆகும்போதுதான் உடலுக்கு இரவு 10 மணி. உள்ளூர் வழக்கப்படி 10 மணிக்குப் படுத்தால், உடலைப் பொறுத்தவரை அது மாலை 4.30, தூக்கம் கிட்ட வராது. திருப்புமுனை அங்கு காலை 9.30க்கு வருகிறது. ஜனவரியில் சிட்னியில் 6 மணி வாக்கிலேயே சூரியன் உதித்துவிடும். ஊர் மாறினால் காலை வெயிலில் நடங்கள் என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டு முதல் நாள் 6 மணிக்கே நடக்கப் போனால், அந்த வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளிவிடும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்த அறிவுரை இங்கே கெடுதலையே செய்கிறது. முதல் நாள் 10 மணி வரை திரையை மூடி அறையில் இருக்க வேண்டும், அல்லது கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். அதன் பிறகு மூன்று மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் இந்த நேரத்தை ஒவ்வொரு மணியாக முன்னே கொண்டுவரலாம். கிழக்கே போனவருக்கு ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரமே நகரும் என்பதால் ஐந்தாறு நாள் ஆகும்.

நாளை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணியைவிடச் சற்று நீளமாக இருப்பது இதற்கு ஒரு காரணம். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன்ற, ஏறக்குறைய அரை நாள் வேறுபாடுள்ள ஊர்களுக்குப் போகும்போது இரு திசையிலும் கணக்கிடலாம். தாமதப்படுத்தும் வழியே பெரும்பாலும் இலகுவாக அமையும்.

பிற உறுப்புகள்

கல்லீரல், குடல், கணையம் முதலியவற்றிலும் தனிக் கடிகாரங்கள் உள்ளன. இவை தலைமைக் கடிகாரத்தின் சொல்லைக் கேட்பதோடு சாப்பிடும் நேரத்தையும் கவனிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறுவதால், சில நாள் உறுப்புகளுக்கிடையே ஒத்திசைவு இருக்காது. தூக்கம் சீரான பிறகும் வயிறு சொன்னபடி கேட்காதது இதனால்தான். புதிய ஊரின் வேளைக்கே சாப்பிடுவதும், நள்ளிரவுப் பசிக்குப் பெரிய சாப்பாட்டைத் தவிர்ப்பதும் உதவும். அலாரம் இல்லாமல் உரிய நேரத்தில் விழிப்பதும், பிற்பகல் தூக்கம் தள்ளாதிருப்பதும், காலைக்கடன் வேளைக்கு முடிவதும் சேர்ந்து அமைந்தால் உடல் மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

மெலட்டோனின்

இருள் கவிந்ததும், படுக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து மூளை சுரக்கும் இயக்குநீர் மெலட்டோனின். மாத்திரையாக எடுத்தால், குறிப்பாகக் கிழக்கே பயணிப்போருக்கு, ஜெட் லேக்கைக் குறைக்கிறது. சென்ற ஊரில் படுக்கும் நேரத்தில் 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வேளை தவறி எடுத்தால் பகலில் தூங்கவைக்கும், மாற்றத்தையும் தாமதப்படுத்தும். வார்ஃபரின் உட்கொள்வோரும் வலிப்பு நோய் உள்ளோரும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும் பயணமாக இருந்தால் கடிகாரத்தை மாற்ற முயலவே வேண்டாம். முக்கியமான சந்திப்புகளைச் சொந்த ஊரின் பகல் வேளையில் வைத்துக்கொண்டு, பழைய நேரத்திலேயே தூங்கித் திரும்புவது நல்லது.