ஒரு சரி அடையாளத்தின் விலை 8 டொலர்

2022 நவம்பர் 10 அன்று, அமெரிக்காவின் பெரிய மருந்துக் கம்பனியான எலி லில்லியின் பெயரில் ட்விட்டரில் ஒரு பதிவு வந்தது. இனி இன்சுலின் இலவசம் என்பதுதான் செய்தி. பெயரும் இலச்சினையும் கம்பனியுடையவை போலவே இருந்தன, பக்கத்தில் நீலச் சரி அடையாளம். நாங்கள் சொல்லுற 'புளூ டிக்'தான். கணக்கோ வேறு யாரோ திறந்தது. பதிவு மணிக்கணக்கில் அப்படியே கிடந்தது. கடைசியில் கம்பனியே தன் உண்மையான கணக்கில் வந்து, போலிக் கணக்கின் செய்தியைப் பார்த்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது.

அந்தப் போலிக் கணக்கிற்கு டிக் எப்படிக் கிடைத்தது? ஒரு ஓட்டையும் தேடவில்லை, காசு கட்டினார்கள், அவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ள 2009க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் மே மாதம், டோனி லா ருஸ்ஸா என்ற பேஸ்போல் அணி முகாமையாளர் ட்விட்டருக்கு எதிராக வழக்குப் போட்டார். அவருடைய பெயரில் யாரோ கணக்குத் திறந்து, இறந்துபோன வீரர்களைப் பற்றியெல்லாம் கேவலமாக எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே ட்விட்டர் 'சரிபார்க்கப்பட்ட கணக்கு' முறையை அறிவித்தது. அப்போது டிக்கின் வேலை ஒன்றே ஒன்று: இந்தப் பெயருக்குரிய ஆள்தான் இந்தக் கணக்கை வைத்திருக்கிறார் என்று சொல்வது. அந்த ஆள் நல்லவரா, அந்தக் கம்பனி ஒழுங்கான சாமான் விற்குமா என்பதையெல்லாம் அது ஒருபோதும் சொல்லவில்லை.

ஆனால் சனம் அப்படி வாசிக்கவில்லை. பிரபலமானவர்களுக்கே டிக் கிடைத்ததால் அது மரியாதையின் அடையாளமாக மாறிப்போச்சு. 2017இல் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதப் பேரணியை ஒழுங்கு செய்தவருக்கு டிக் கொடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ட்விட்டர் டிக் கொடுப்பதையே நிறுத்திவைத்து, அடையாளத்தை உறுதிப்படுத்தத்தான் இதைக் கொண்டுவந்தோம், ஆட்கள் இதை அங்கீகாரமாக எடுத்துவிட்டார்கள் என்று விளக்கம் சொன்னது. எங்களுக்கு இந்த இடம்தான் முக்கியமாகத் தெரிகிறது. டிக் சொல்வதற்கும் நாங்கள் அதில் வாசிப்பதற்கும் இடையிலான இந்த வெளியைத்தான் பிறகு விலைபோட்டு விற்றார்கள்.

2022 நவம்பரில், இலோன் மஸ்க் ட்விட்டரை வாங்கிக் கொஞ்ச நாளில், மாதம் 8 டொலருக்கு டிக் வந்தது. அடையாள அட்டையும் கேட்கவில்லை, கம்பனிப் பதிவும் கேட்கவில்லை. அடையாளத்தின் உருவம் மட்டும் பழையதே. பார்க்கிற ஆளுக்கு எது சரிபார்த்துக் கொடுத்தது, எது காசுக்குக் கொடுத்தது என்று உடனே தெரியாது. லில்லியின் பங்கு விலை அடுத்தநாள் 4 சதவீதமளவு விழுந்தது. பலர் இதைப் போலிப் பதிவோடு முடிச்சுப் போட்டார்கள். அன்று மற்ற மருந்துக் கம்பனிகளின் பங்குகளும் இறங்கியதால் நாங்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். டிக் விற்பனை மட்டும் உடனே இடைநிறுத்தப்பட்டது.

டிசம்பரில் திரும்பி வந்தபோது கம்பனிகளுக்கென்று தனியாகத் தங்க நிற டிக் வந்தது. அதுவும் அடுத்த வருடம் அமெரிக்காவில் மாதம் 1,000 டொலர் என்றானது. நியூயோர்க் ரைம்ஸ் காசு கட்டமாட்டோம் என்றது, 2023 ஏப்ரலில் அதன் டிக் போனது. அப்ப, உண்மையான பத்திரிகைக்கு டிக் இல்லை, போலி மருந்துக் கம்பனிக்கு இருந்தது!

சரி, ஒழுங்காகச் சரிபார்த்துக் கொடுத்த டிக் என்றால் பயமில்லையா? 2023 மே மாதம் பேஸ்புக்கில் நடந்ததைப் பாருங்கள். டிக் உள்ள, பல இலட்சம் பேர் பின்தொடர்ந்த பக்கங்களைத் திருடி, மெற்றா, கூகுள் சம்பந்தப்பட்ட பெயர்களுக்கு மாற்றி, கணினியைப் பாதிக்கும் மென்பொருளுக்கு விளம்பரம் போட்டார்கள். பெயர் மாறியும் டிக் போகவில்லை. ஒருநாள் ஒருவரைச் சரிபார்த்தார்கள், இன்று அந்தக் கணக்கு யார் கையில் என்று அது பார்க்காது. அங்கே 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியை அமத்தினால் பழைய பெயரும் மாற்றிய திகதியும் தெரியும். நேற்றுவரை பாடகரின் பக்கமாக இருந்தது இன்று விளம்பரக் கம்பனியாக இருந்தால் விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 2009 அறிவிப்பிலேயே ட்விட்டர் இன்னொரு வழியும் சொல்லியிருந்தது: அந்த ஆளின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், அங்கிருந்து இந்தக் கணக்குக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். லில்லியின் இணையத்தளத்திலிருந்து போயிருந்தால் உண்மையான கணக்கான @LillyPad வந்திருக்கும். இன்சுலின் இலவசம் என்ற பதிவு அங்கே இருந்திருக்காது.